வைப்பர் கை எதுவரை போகும்: ஸ்கெட்சா, மோஷன் ஸ்டடியா?

ஓர் இயந்திரத்தின் பார்வைக் கண்ணாடிக்கு சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளில் வைப்பர் வடிவமைத்தேன். நான்கு தண்டு லிங்கேஜ்தான்: முழுச் சுற்று சுற்றும் கிராங்க் 30 மி.மீ., இணைப்புத் தண்டு 90, முன்னும் பின்னும் ஆடும் ராக்கர் 60, இரண்டு நிலையான பிவட்டுகளுக்கு இடையே 100. ராக்கரோடு சேர்ந்தே ஆடும் வைப்பர் கையின் நீளம் 450. அந்தக் கை எங்கே தொடங்கி எங்கே நிற்கும் என்று பார்க்க வேண்டும்.

அசெம்பிளியை மவுஸால் இழுத்துப் பார்ப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கை சரியாகக் கடைசிப் புள்ளியில் நிற்காது. சில சமயம் லிங்கேஜ் மறுபக்கமாகப் புரண்டும் விடும்.

ஸ்கெட்ச் மலிவானது, துல்லியமானது. கிராங்கும் இணைப்புத் தண்டும் ஒரே கோட்டில் வரும்போதுதான் ராக்கர் திரும்புகிறது. எனவே 100, 60 பக்கங்களோடு மூன்றாவது பக்கமாக ஒருமுறை 90+30, ஒருமுறை 90−30 வைத்து இரண்டு முக்கோணங்கள் வரைந்தால் போதும்: பிவட்டுகளை இணைக்கும் கோட்டோடு ராக்கரின் கோணம் 93.8°, 33.6°. வீச்சு சுமார் 60.3°. ஆனால் நடுவழியில் கை எதில் இடிக்கும் என்பதை ஸ்கெட்ச் காட்டாது. அதனால்தான் லிங்கேஜைத் திரையில் ஓட்டிக் காட்டும் மோஷன் ஸ்டடிக்குப் போனேன். இன்றும் என் ஓட்டு அதற்கே. கிராங்கில் ஒரு மோட்டார் வைத்து ஒரு முழுச் சுற்று ஓட்டி, Check Interference கொடுத்தால், எந்த ஃப்ரேமில் எது எதோடு மோதுகிறது என்று பட்டியல் வந்துவிடும்.

முதல் முறை அதிலேயே ஏமாந்தேன். திரையில் கைநுனிக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் 2 மி.மீ. இடைவெளி இருந்தது, பொருத்திய பிறகு நுனி சட்டத்தை உரசி, பெயின்டில் பிறை வடிவில் ஒரு கீறல் போட்டது. மோட்டார் 60 ஆர்.பி.எம்., நொடிக்கு 25 ஃப்ரேம் என்று ஓட்டியிருந்தேன். அதாவது ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே கிராங்க் 14.4° தாண்டுகிறது. கை திரும்பும் புள்ளி இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் 7.2° தவறிப்போகிறது. ராக்கரில் அது வெறும் 0.36° தான், 450 மி.மீ. தள்ளியிருக்கும் நுனியிலோ ஏறத்தாழ 2.9 மி.மீ. நான் நம்பியிருந்த இடைவெளியை அது முழுதாக விழுங்கிவிட்டது.

இப்போது வேகத்தை 10 ஆர்.பி.எம். ஆகக் குறைத்து, Frames per second என்ற இடத்தில் 60 கொடுக்கிறேன். கிராங்க் ஒவ்வொரு டிகிரியாக நகர்கிறது, நுனியில் பிழை 0.1 மி.மீ.க்கும் கீழே. ஒரு சுற்று 6 நொடி. கணினி அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளட்டும். ராக்கர் கோண வரைபடத்தின் உச்சமும் அடியும் ஸ்கெட்ச் தந்த எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பார்த்துவிடுகிறேன்.

ஒரு குறை: வரைபடமும் மோதல் பட்டியலும் மோஷன் ஸ்டடியின் Motion Analysis வகையில்தான் கிடைக்கும், அதற்கு பிரீமியம் உரிமம் வேண்டும். அது இல்லாதவர் ஸ்கெட்சிலேயே இருப்பது நல்லது. உராய்வும் புஷ் தேய்மானமும் சேர்த்து நான் ஓட்டியது ஒரே ஒரு முறை, அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். நுனிக்கு மட்டும் இப்போது 5 மி.மீ. விடுகிறேன்.