கிண்டிலை விற்கப் போறீங்களா? புத்தகத்தை அழிக்க வேண்டாம்

பழைய கிண்டிலை விற்கப் போவதாகத் தோழி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். "வேற ஆள் கைக்குப் போறதுக்கு முன்னாடி என் புக்கையெல்லாம் டெலீட் பண்ணணும்ல? வெப்சைட்ல உட்கார்ந்து ஒண்ணொண்ணா பண்ணப் போறேன்" என்றாள். தொடங்கவில்லை என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. தொடங்கியிருந்தால் காசு கொடுத்து வாங்கியதெல்லாம் போயிருக்கும், கருவி மட்டும் அவள் பெயரிலேயே இருந்திருக்கும்.

பல வருஷமாகக் கிண்டிலில்தான் படிக்கிறேன். திரை, பேட்டரி பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை, அதை எல்லோரும் எழுதியாயிற்று. எனக்குத் தீராத எரிச்சல் ஒரே இடத்தில். ஒரு கருவியை நம் கணக்கிலிருந்து பிரிப்பதும், வாங்கிய புத்தகத்தை நிரந்தரமாக இழப்பதும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த டேப்களில் இருக்கின்றன.

அமேசான் கணக்கில் Manage Your Content and Devices என்ற பக்கத்தைத் திறந்தால் மேலே Content, Devices என்று தெரியும். Content பகுதியில் ஒரு புத்தகத்துக்கு எதிரே இருக்கும் Delete, அதைக் கருவியிலிருந்து மட்டும் எடுப்பதில்லை, கணக்கிலிருந்தே எடுத்துவிடும். குப்பைத் தொட்டி கிடையாது, திரும்பப் பெறும் பொத்தானும் கிடையாது. மறுபடி படிக்க வேண்டுமென்றால் மறுபடி வாங்க வேண்டும். அழித்ததற்காகப் பணமும் திரும்பாது. பணம் திரும்பக் கேட்பது தனி ஏற்பாடு, அதுவும் வாங்கிய சில நாட்களுக்குள்தான்.

கருவியில் இடம் போதவில்லை என்பதற்காக இதைத் தொடவே தேவையில்லை. கிண்டிலிலேயே புத்தக அட்டையை அழுத்திப் பிடித்து Remove Download கொடுத்தால் கோப்பு மட்டும் கருவியை விட்டுப் போகும். நூலகத்தில் அட்டை அப்படியே இருக்கும், தொட்டால் திரும்ப இறங்கும். எனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயம் இதுதான். பழைய புத்தகத்தை நம்பிக்கையோடு கருவியிலிருந்து எடுத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

வாங்கிய புத்தகத்தின் கோப்பை வலைப்பக்கத்திலிருந்து கணினியில் இறக்கி, கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதி இருந்தது. 2025 பிப்ரவரி 26 அன்று அது நிறுத்தப்பட்டது. ஆகவே இப்போது உங்கள் புத்தகம் உண்மையில் இருக்கும் இடம் கணக்குதான். 2009 ஜூலையில் உரிமையில்லாத ஒரு விற்பனையாளர் வழியாக விற்ற ஆர்வெல் நாவல்களை, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. கையில் கருவி இருந்தாலும் புத்தகத்தின் ஆயுள் கணக்கில் இருக்கிறது என்று வாசகர்களுக்குப் புரிந்தது அப்போதுதான். கணக்கையே மூடினாலும் புத்தகங்கள் அதோடு போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, தோழிக்குச் சொன்ன வரிசைக்கு வருகிறேன். முதலில் கருவியை வைஃபையில் இணைத்து Sync கொடுக்கச் சொன்னேன். எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம், எதை அடிக்கோடிட்டோம் என்பதெல்லாம் கணக்குக்குப் போய்ச் சேர வேண்டும். பிறகு கேபிளில் கணினியோடு இணைத்தால் documents என்ற ஃபோல்டருக்குள் My Clippings.txt என்று ஒரு கோப்பு இருக்கும். நீங்கள் அடிக்கோடிட்ட வரிகளும் எழுதிய குறிப்புகளும் வெறும் எழுத்தாக, புத்தகப் பெயரோடும் தேதியோடும் அதில் அடுக்கப்பட்டிருக்கும். அதை நகலெடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் அனுப்பி, நீங்களே கேபிளில் ஏற்றிய கோப்புகள் இருந்தால் அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை கணக்கில் இருக்காது.

அதன் பிறகு கருவியின் Settings-இல் Your Account போய் Deregister Device. கணக்கோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும், கடையில் வாங்கிய புத்தகங்கள் கருவியை விட்டுப் போகும், நூலகத்தில் ஒன்றும் குறையாது. ஆனால் அத்தோடு நிறுத்த வேண்டாம். கேபிளில் ஏற்றியவையும் அந்த My Clippings.txt கோப்பும் உள்ளேயே தங்கிவிட வாய்ப்புண்டு. உங்கள் குறிப்புகளை முன்பின் தெரியாதவர் படிக்க வேண்டாமென்றால் Device Options-இல் இருக்கும் Reset-ஐயும் கொடுத்துவிடுங்கள். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முதல் திரை வந்தால் வேலை முடிந்தது.

கருவி ஏற்கெனவே கைமாறிவிட்டதென்றால் வலைப்பக்கத்தில் Devices பகுதிக்குப் போய், அதைத் தேர்ந்து Deregister கொடுக்கலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி இணையத்தில் இல்லாவிட்டால் இந்தச் செய்தி அதற்குப் போய்ச் சேராது. ஏர்பிளேன் மோடில் கிடக்கும் வரை, இறக்கிய புத்தகங்கள் அதில் திறந்துகொண்டுதான் இருக்கும். கணக்கில் பெயர் போய்விட்டதே என்று இருந்துவிடக் கூடாது.

இதைச் செய்யாமல் விற்பவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. என் பெரியம்மா மகள் பழைய கிண்டில் பேப்பர்வைட் ஒன்றை வாங்கி வந்தாள். திறந்தால் முன்பிருந்தவரின் பெயர், அவருடைய நூலகம், அவர் பாதியில் நிறுத்திய நாவல், எல்லாம் வந்து நிற்கிறது. "இதுல கடையும் திறக்குதுக்கா, புக்கு வாங்கினா யார் காசு போகும்?" என்று கேட்டாள். அவர் காசுதான் போகும். பதிவு நீங்காத கருவியில் ஒரு தட்டு தட்டினால், பதிந்து வைத்திருக்கும் கட்டண முறையில் வாங்கிவிட முடியும். அவளை எதையும் தொட வேண்டாமென்று சொல்லி, பதிவை நீக்கி, Reset கொடுத்து, அவள் கணக்கில் சேர்த்தோம். கருவியில் கடவுச்சொல் போட்டிருந்து விற்றவர் அதைச் சொல்லாமல் போயிருந்தால், கேட்கும் இடத்தில் 111222777 அடித்தால் எல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கும். திருடுபோனதாகப் புகார் கொடுக்கப்பட்ட கருவியை மட்டும் எந்த வழியிலும் பதிவு செய்ய முடியாது. பழையது வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன், விற்பவர் எதிரிலேயே உங்கள் கணக்கில் பதிந்து பாருங்கள்.

விற்கும் எண்ணமே இல்லாதவர்களும் அந்த Devices பட்டியலை ஒரு தரம் திறந்து பார்க்கலாம். போன் மாற்றும்போதெல்லாம் அதில் போட்ட கிண்டில் செயலியும் ஒரு கருவியாகவே பதிவாகிறது. உங்கள் பெயரோடு 2nd Android Device, 3rd Android Device என்று, எப்போதோ எக்ஸ்சேஞ்சில் கொடுத்த போன்கள் அங்கே வரிசையாக நிற்கும். பெரும்பாலான புத்தகங்களை ஒரே நேரத்தில் ஆறு கருவிகளில்தான் வைத்துக்கொள்ள முடியும், சில பதிப்பாளர்கள் அதையும் குறைத்து வைத்திருப்பார்கள். புது போனில் புத்தகம் இறங்க மறுத்து, உரிம வரம்பு என்று ஏதோ சொன்னால், பழைய போன்களின் பதிவை நீக்கிப் பாருங்கள். புத்தகத்தை அழித்துத் திரும்ப வாங்கும் வேலை வேண்டாம்.

இவ்வளவு கொட்டிய பிறகு கிண்டில் வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். இரவில் இதை விட்டால் எனக்கு வேறு படிப்பு இல்லை. ஆனால் கணினியில் வைத்துக்கொள்ளக்கூடிய கோப்பாக வேறு கடையிலோ பதிப்பாளரிடமோ நேரடியாகக் கிடைக்கும் புத்தகத்தை, இப்போதெல்லாம் நான் அங்கேதான் வாங்குகிறேன்.