பத்து மெகா ஓம்: மின்தடையமா, சுவிட்ச் மின்தேக்கியா?

மண்டபம் கடற்கரையில் அலை உணரியின் சிக்னலை வடிகட்ட 10 மெகா ஓம் தேவையெனில் தனி மின்தடையமே எளிது. ஆனால் உப்புக்காற்று பலகையில் படியவிடும் ஈரப்படலம் 100 மெகா ஓம் கசிவுப்பாதையானால், அது இணையாகச் சேர்ந்து மதிப்பை 9.1 ஆகக் குறைத்துவிடும்.

சுவிட்ச் மின்தேக்கியோ சில்லுக்குள் மூடப்பட்டிருக்கிறது; சுவிட்சுகள் ஒரு மின்தேக்கியை இரு முனைகளுக்கும் மாறி மாறி இணைப்பதால் அது மின்தடையம்போல் இயங்குகிறது. தேக்கத்திறன் C, சுவிட்சுகளை இயக்கும் கடிகார அதிர்வெண் f, இருமுனை மின்னழுத்த வேறுபாடு V எனில், சுழற்சிதோறும் CV மின்னூட்டம் கடப்பதால் சராசரி மின்னோட்டம் fCV ஆகிறது; எனவே R = 1/(fC). 1 பிக்கோ ஃபாரட் மின்தேக்கியை 100 கிலோ ஹெர்ட்ஸில் இயக்கினால் 10 மெகா ஓம் கிடைக்கும். 50 கிலோ ஹெர்ட்ஸில் 20. கடிகாரத்தை மாற்றியே தடையை மாற்றலாம் என்பதால் இதையே நான் தேர்வேன்.

எனினும் 0.1 பிக்கோ ஃபாரட் ஒட்டுத்தேக்கம் சேர்ந்தால் இங்கும் 9.1தான். மேலும், f-இன் பாதியைத் தாண்டும் இரைச்சல் போலியான குறைந்த அதிர்வெண்ணாக உள்ளே நுழையும்; கடலலை மெதுவானது, படகு எஞ்சினின் மின்னிரைச்சல் அப்படியல்ல, ஆகவே முன்னால் சாதாரண RC வடிகட்டி ஒன்று அவசியம்.