ஒரு பெரிய ரவுட்டரா, இரண்டு சின்ன ஆக்சஸ் பாயிண்ட்டா?

ராமேஸ்வரத்தில் மச்சான் நடத்தும் லாட்ஜில் அறைக்கு அறை ஸ்மார்ட் சுவிட்ச், ஏசிக்கு ரிமோட் வேலை பார்க்கும் சின்னப் பெட்டி, வராந்தாவிலும் வாசலிலும் கேமரா என்று ஐம்பதுக்கும் மேல் சேர்ந்துவிட்டன. பழைய ரவுட்டர் திணற ஆரம்பித்ததும் இரண்டு வழிகள் இருந்தன. நிறைய ஆன்டெனா வைத்த பெரிய ரவுட்டர் ஒன்று. அல்லது ஏறக்குறைய அதே செலவில், கேபிள் இழுத்து மாடிக்கு ஒன்றாக இரண்டு சாதாரண ஆக்சஸ் பாயிண்ட், அதாவது கேபிளில் வரும் இணைப்பை அங்கேயே வைஃபையாகப் பரப்பும் பெட்டி. நாங்கள் எடுத்தது இரண்டாவது. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

“பெட்டியிலேயே 128 கருவின்னு போட்டிருக்கான் மாப்ள, அப்புறம் என்ன?” என்றார் மச்சான். அந்த 128 பொய்யில்லை. ஆனால் அது பெயர்ப்பட்டியலின் நீளம் மட்டுமே. வைஃபை தரத்தின்படி ஒரு ரேடியோவில் 2007 கருவிகள் வரை சேரலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாவி, வரிசை எல்லாம் சிப்பின் நினைவகத்தில் வைக்க வேண்டும் என்பதால் தயாரிப்பாளர்கள் 32, 64, 128 என்று நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டியலில் இடம் இருப்பது ஒன்று, பேச நேரம் கிடைப்பது வேறு. விசைப்படகுகளில் இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் மாதிரிதான்: ஒரே சேனலில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்ற எல்லாரும் காத்திருக்க வேண்டும்.

அதனால் எத்தனை கருவி என்பதை விட, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பேசுகிறது என்பதுதான் கேள்வி. ஸ்மார்ட் சுவிட்ச் எப்போதாவது நூற்றுச் சொச்சம் பைட் அனுப்பும்; அதனால் பெரிய பாரமில்லை. எங்கள் வினை வாசல் கேமராக்கள். மூன்று கேமரா, ஒவ்வொன்றும் விநாடிக்கு சுமார் 2 மெகாபிட் படம். ரவுட்டர் மூன்று சுவர் தள்ளி இருந்ததால் அவை 6.5 மெகாபிட் வேகத்தில்தான் பேசின. அப்படியென்றால் ஒரு கேமராவுக்கு ஒவ்வொரு விநாடியிலும் 0.31 விநாடி வேண்டும், மூன்றுக்கும் 0.92. இடையில் விட வேண்டிய இடைவெளி, பதில் சொல்லும் நேரம் எல்லாம் சேர்ந்தால் விநாடி போதவே போதாது. மிச்சமுள்ள ஐம்பது சொச்சம் கருவிகளும் வாய் திறக்க முடியாமல் நிற்கும். ஆப்பில் சுவிட்ச் ‘ஆஃப்லைன்’ என்று வந்து போவது இதனால்தான். அதே கேமராக்கள் பக்கத்தில் இருந்து 65 மெகாபிட்டில் பேசினால், இடைவெளிகளையும் சேர்த்து மூன்றுக்கும் கால் விநாடி அளவில் முடிந்துவிடும்.

பெரிய ரவுட்டர் இங்கேதான் தோற்கிறது. அது எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் கேமராவின் சின்ன ஆன்டெனா சத்தம் கூட்டப் போவதில்லை. புது ரவுட்டர்களில் பல கருவிகளை ஒரே நேரத்தில் பேச வைக்கும் வசதி இருக்கிறது, சரி. ஆனால் கருவியிலும் அது இருந்தால்தான் பலன். விலை குறைந்த சுவிட்சுகளில் இருப்பது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த பழைய சிப்.

இரண்டு ஆக்சஸ் பாயிண்ட் வைத்தபோது தூரம் குறைந்து வேகம் கூடியது. ஒன்றைச் சேனல் 1-இலும் மற்றதை 11-இலும் வைத்ததால் பேசும் நேரமும் இரட்டிப்பானது. இரண்டையும் ஒரே சேனலில் விட்டால் இந்த இரண்டாவது லாபம் போச்சு. கோயிலைச் சுற்றி லாட்ஜுகள் நெருக்கமாக இருப்பதால் அக்கம்பக்கத்து வைஃபையும் அதே சேனல்களில் பேசும். அதனால் சக்தியையும் குறைத்து வைத்தோம். விருந்தினர்களின் போன்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ். கேபிள் இழுக்காமல் வயர்லெஸ்ஸாகவே இணைக்கும் ஒற்றை ரேடியோ எக்ஸ்டெண்டர் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு சேதியையும் அது இரண்டு முறை சொல்லும்.

பராமரிப்பில் பெரிய ரவுட்டருக்கே மார்க். உப்புக்காற்றில் வெளியே இருக்கும் கேபிள் முனை பச்சை பூத்துவிடும். முனைகளைச் சுவருக்கு உள்ளேயே வையுங்கள். ஒரு தளத்தில் பத்துப் பதினைந்து பல்பு மட்டும் உள்ள வீடு என்றால் இந்தக் கேபிள் வேலையே தேவையில்லை.

வாங்கும் முன் அளந்து பார்க்கலாம். ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் இருந்தால் கீழே உள்ள கட்டளையைப் போடுங்கள். wlan0 என்ற இடத்தில், `iw dev` உங்கள் ரவுட்டரில் காட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவின் பெயர் வர வேண்டும்:

```
iw dev wlan0 survey dump
```

பயன்பாட்டில் உள்ள சேனலின் `channel busy time`, `channel active time` இரண்டையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, busy கூடிய அளவை active கூடிய அளவால் வகுங்கள். முக்கால் பங்குக்கு மேல் வந்தால் காற்று நிறைந்துவிட்டது. குறைவாக இருந்தும் புதுக் கருவி சேரவில்லை என்றால், முதலில் ஐபி முகவரி தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். சில ரவுட்டர்களில் ஐம்பதுதான் ஒதுக்கியிருப்பார்கள்.

பல்புகளை வைஃபையிலிருந்து ஜிக்பீ என்ற வேறொரு வயர்லெஸ் முறைக்கு மாற்றுவது மூன்றாவது வழி. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் அதன் சேனல் 25, வைஃபை சேனல் 11-ஐத் தாண்டி இருப்பதால் உரசாது. நாலைந்து பல்பு அளவில்தான் எனக்கு அதில் பழக்கம், லாட்ஜ் அளவில் எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.