ஐபி முகவரிகளை sort கட்டளையால் வரிசைப்படுத்துவது: சில வருட அனுபவம்

மொரீஷியஸில் எபேன் பக்கம் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ரீயூனியனில் சான்-தெனியில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. கேமரா, பிரிண்டர், வைஃபை கருவி என்று கையால் ஐபி முகவரி கொடுத்த எல்லாவற்றுக்கும் இரண்டு இடத்திலும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் வைத்திருக்கிறோம். ஒரு வரிக்கு ஒரு கருவி, முதலில் முகவரி, பிறகு பெயர். சில வருடங்களாக அதை லினக்ஸின் sort கட்டளையால்தான் வரிசைப்படுத்துகிறேன்.

வெறும் sort போட்டால் முகவரியை எழுத்தாகத்தான் பார்க்கும். 192.168.1.10, பிறகு .100, அப்புறம்தான் .2, .9 என்று வரும். புதிதாக ஒரு கேமரா மாட்டும்போது எந்த எண் காலியாக இருக்கிறது என்று இந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. 9-க்கு அடுத்து 10 வந்தால்தான் இடைவெளி கண்ணில் படும். சரியான கட்டளை இது:

```
sort -t . -k1,1n -k2,2n -k3,3n -k4,4n ips.txt
```

`-t .` என்றால் புள்ளியில் பிரி. `-k3,3n` என்றால் மூன்றாம் துண்டில் தொடங்கி மூன்றாம் துண்டிலேயே நிறுத்தி, அதை எண்ணாக எடுத்துக்கொள். அந்தக் காற்புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைப் பலரும் விட்டுவிட்டு `-k1n -k2n -k3n -k4n` என்று எழுதுகிறார்கள். எங்கள் கிளையில் பழைய ஸ்கிரிப்ட் ஒன்று அப்படித்தான் இருந்தது. அங்கே ஒரு குறையும் தெரியவில்லை. அதே ஸ்கிரிப்ட், அதே ஃபைல், எபேன் சர்வரில் ஓடியபோது .10 முன்னால் வந்து .9 பின்னால் போயிற்று.

காரணம் இதுதான். முடிவு எண் இல்லாவிட்டால் sort ஒப்பிட எடுக்கும் ஒவ்வொரு பகுதியும், அதாவது ஒவ்வொரு சாவியும், வரியின் கடைசி வரை நீளும். அப்போது மூன்றாவது சாவியாக sort படிப்பது ஒரு வரியில் 1.10, இன்னொன்றில் 1.9. எபேன் சர்வரில் locale எனும் மொழி அமைப்பு C. அங்கே புள்ளி என்பது தசமப்புள்ளி. ஆகவே 1.10 என்பது 1.9-ஐ விடச் சின்ன எண், .10 முதலில் வருகிறது. சான்-தெனி சர்வரில் அமைப்பு fr_FR.UTF-8. பிரெஞ்சு முறையில் தசமத்துக்குக் காற்புள்ளிதான், புள்ளி இல்லை. அதனால் sort இரண்டு வரியிலும் 1 என்று மட்டும் படித்து, சமம் என்று நான்காவது சாவிக்குப் போகிறது. அங்கே 9, 10 என்று ஒழுங்காக வருகிறது. தவறான கட்டளைக்கு அங்கே பிரெஞ்சு அமைப்பு தற்செயலாகச் சரியான விடை கொடுத்துக்கொண்டிருந்தது. பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து ஓடும் நம் தீவுகளில் இதை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் `sort --debug` போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் எந்தப் பகுதியைச் சாவியாக எடுத்தது என்று கோடு போட்டுக் காட்டும். துண்டு நீண்டிருந்தால் `key 1 is numeric and spans multiple fields` என்று எச்சரிக்கவும் செய்யும். நான்கு துண்டையும் மூடி எழுதினால் எந்த மொழி அமைப்பிலும் அந்த நான்கு எண்களின் வரிசை ஒன்றுதான்.

இந்தக் கட்டளையோடு `-u` சேர்ப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 192.168.1.10 என்ற முகவரி பிரிண்டர் பெயரில் ஒரு வரியிலும் கேமரா பெயரில் இன்னொரு வரியிலும் இருந்தால், `-u` இரண்டில் ஒன்றை எடுத்துவிடும். அது சாவிகளை மட்டும்தான் ஒப்பிடுகிறது, பெயரைப் பார்ப்பதில்லை. ஒரே முகவரி இரண்டு கருவிக்குப் போயிருப்பதுதான் பட்டியலில் நாம் பிடிக்க வேண்டிய கோளாறு. `-u` இல்லாவிட்டால் இரண்டு வரியும் அடுத்தடுத்து நிற்கும், உடனே பிடித்துவிடலாம்.

அவசரத்துக்கு `sort -V` போதும். பதிப்பு எண்களுக்காக வந்த வசதி, ஐபி முகவரிக்கும் ஒத்துவருகிறது. 10.0.0.0/8, 10.0.0.0/24 இரண்டும் இருந்தால் /8-ஐ முன்னால் வைக்கும். மேலே சொன்ன நீளக் கட்டளையில் நான்கு எண்ணும் சமமாகிவிடுவதால், C அமைப்பில் கடைசியில் எழுத்துப்படி பார்த்து /24 முன்னால் வந்துவிடும். நெட்வொர்க் தொகுதிகள் உள்ள பட்டியலுக்கு நான் `-V` தான் எடுக்கிறேன்.

சிலர் 192.168.001.010 என்று பூஜ்யம் நிரப்பி எழுதிவைக்கிறார்கள். வெறும் sort-லேயே வரிசை சரியாக வருவது உண்மைதான். ஆனால் அந்த முகவரியை அப்படியே நகலெடுத்து லினக்ஸில் ping கொடுத்தால், பூஜ்யத்தில் தொடங்கும் 010-ஐ எட்டடிமான எண்ணாகப் படித்து 192.168.1.8-க்குப் போகும். அங்கே வேறு கருவி இருந்தால் பதிலும் வரும். அப்படி யாராவது பட்டியல் அனுப்பினால், முதலில் அந்தப் பூஜ்யங்களை எடுத்துவிட்டுத்தான் எங்கள் ஃபைலில் சேர்க்கிறேன்.