0.8 கேட்டால் 0.9 தரும் எல்.எஸ்.எச்.: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

தமிழ்ச் செய்திக் கட்டுரைகள் பத்து லட்சத்துக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரே ஏஜென்சி செய்தியை ஐந்து இதழ்கள் தலைப்பை மாற்றி, இரண்டு வரி வெட்டிப் போட்டிருக்கும். அந்த நகல்களைக் களைவதுதான் வேலை. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் சுமார் 50 ஆயிரம் கோடி ஜோடிகள். விநாடிக்குப் பத்து லட்சம் ஜோடி பார்த்தாலும் ஆறு நாளைக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். ஒன்றுபோல் இருக்கும் கட்டுரைகளை ஒரே பக்கெட்டில் விழவைக்கும் ஹாஷ் முறையான எல்.எஸ்.எச். அதை ஒரு மதியத்துக்குள் முடித்துவிடும். அந்த மதியத்திலும் பெரும்பகுதி கட்டுரைகளை எண்களாகச் சுருக்கிக் கையொப்பம் தயாரிக்கவே போகிறது, தேடுவதற்கு ஆகும் நேரம் அற்பம். நாளைக்குப் புதிதாக ஒரு கட்டுரை வந்தால் பழையதை எதையும் தொட வேண்டாம். அதற்கு மட்டும் கையொப்பம் போட்டு, விழும் பக்கெட்டில் ஏற்கெனவே யார் இருக்கிறார் என்று பார்த்தால் போதும். இந்தச் சுகத்துக்கு நான் அடிமை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் திட்டப்போவதால்.

இதன் அடியில் இருக்கும் மின்ஹாஷ் யோசனை இன்னும் அலுக்கவில்லை. ஆண்ட்ரே பிராடர் 1997இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறியின் சுமார் 3 கோடி பக்கங்களில் நகல்களைக் கண்டுபிடிக்க இதைக் கொண்டுவந்தார். கட்டுரையைச் சிறு துண்டுகளாக, அதாவது ஷிங்கிள்களாக, வெட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு துண்டையும் ஹாஷ் செய்து, அதாவது ஓர் எண்ணாக மாற்றி, வந்தவற்றில் மிகச் சிறிய எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறோம். இரண்டு கட்டுரைகளின் துண்டுகளையும் ஒன்றாகக் கொட்டினால், மிகச் சிறிய எண் பெறும் வாய்ப்பு எல்லாத் துண்டுக்கும் சமம். அந்தத் துண்டு இரண்டுக்கும் பொதுவானதாக இருந்தால் மட்டுமே இரு பக்கமும் ஒரே சிறிய எண் வரும். ஆக, சிறிய எண்கள் ஒத்துப்போகும் நிகழ்தகவு என்பது பொதுத் துண்டுகளை மொத்தத் துண்டுகளால் வகுத்த விகிதமேதான். இதைத்தான் ஜக்கார்ட் அளவு என்கிறோம். வேறு வேறு ஹாஷ்களால் 128 முறை செய்தால், எத்தனை பெரிய கட்டுரையும் 128 எண்களாகச் சுருங்கிவிடும். அதை வைத்து மதிப்பிடும் ஒற்றுமையில் பிழை பெரும்பாலும் நாலைந்து சதவீதப் புள்ளிக்குள் இருக்கும். இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

எரிச்சல் அடுத்த படியில் தொடங்குகிறது.

128 எண்களைப் பேண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒரு பேண்டில் உள்ள எல்லா எண்களும் அச்சாக ஒத்துப்போனால் இரண்டு கட்டுரைகளும் ஒரே பக்கெட்டில் விழும். ஏதாவது ஒரு பேண்டிலாவது அப்படி விழுந்தால் அந்த ஜோடி சந்தேகப் பட்டியலுக்கு வரும். பைத்தானில் `datasketch` நூலகத்தைப் பயன்படுத்துவோர் இந்தப் பிரிவினையைத் தாங்களே செய்வதில்லை. `threshold` என்று ஓர் எண் கொடுத்தால் அதுவே முடிவு செய்துகொள்ளும்.

```python
from datasketch import MinHashLSH
lsh = MinHashLSH(threshold=0.8, num_perm=128)
print(lsh.b, lsh.r)    # 9 13
```

9 பேண்டு, ஒன்றுக்கு 13 எண். 0.8 என்று கேட்டவர், ஒற்றுமை 0.8 உள்ள ஜோடிகள் எல்லாம் கையில் வரும் என்றுதானே நினைப்பார்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.8 ஒற்றுமை உள்ள ஜோடி ஒரு பேண்டில் முழுதாகப் பொருந்த 0.8 அடுக்கு 13, அதாவது நூற்றுக்கு ஐந்தரை வாய்ப்பு. ஒன்பது பேண்டில் ஒன்றிலாவது பொருந்த:

```
1 - (1 - s^r)^b
s = 0.8, r = 13, b = 9   ->  0.40
```

நாற்பது சதவீதம். கேட்ட அளவில் சரியாக நிற்கும் ஜோடிகளில் அறுபது சதவீதம் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. 0.85க்குப் போனாலும் 69 சதவீதம்தான். 0.9க்குப் போனால்தான் 93 சதவீதம் கிடைக்கிறது. இது நிரலின் பிழை இல்லை. தவறிப்போவதையும் தேவையில்லாமல் வருவதையும் சம எடையில் வைத்து, இரண்டும் சேர்ந்து குறைவாக இருக்கும் இடத்தை அது தேர்ந்தெடுக்கிறது. அளவுகோல் நியாயமானதுதான். ஆனால் தேவையில்லாமல் வந்த ஜோடியை அடுத்த படியில் உண்மையான ஒற்றுமை கணக்கிட்டுத் தள்ளிவிடலாம். தவறிப்போன ஜோடி போனது போனதுதான், அது போனது என்று சொல்ல ஆளே இல்லை. இரண்டுக்கும் சம எடை எப்படிச் சரியாகும்?

நான் இப்போது அந்த எண்ணைக் கொடுப்பதே இல்லை. பிரிவினையை நானே சொல்லிவிடுகிறேன்:

```python
lsh = MinHashLSH(num_perm=128, params=(16, 8))
```

16 பேண்டு, ஒன்றுக்கு 8 எண். இதில் 0.8 ஜோடிகளில் 95 சதவீதம் அகப்படும். விலை என்னவென்றால் 0.6 ஒற்றுமை உள்ளவையும் நூற்றுக்கு 24 கூடவே வரும். வரட்டும், பின்னால் சரிபார்த்துக் கழித்துக்கொள்ளலாம்.

தமிழுக்கு வந்தால் இந்தக் கதை இன்னும் மோசம். ஆங்கிலத்துக்கு எழுதிய வழிகாட்டிகளைப் பார்த்து ஐந்து சொல் ஷிங்கிள் போடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. 200 சொல் கட்டுரையில் அப்படி 196 துண்டு கிடைக்கும். துணை ஆசிரியர் ஒருவர் அங்கங்கே பத்துச் சொல்லை மட்டும் தொட்டார் என்று வையுங்கள். ஒரு சொல் மாறினால் அதைத் தாங்கும் ஐந்து துண்டும் செத்துவிடும், ஆக 50 துண்டு போச்சு. பொதுவாக மிஞ்சுவது 146, மொத்தம் 246, ஒற்றுமை 0.59. படிக்கிறவர் கண்ணுக்கு இது ஒரே கட்டுரை. 9க்கு 13 பிரிவினையில் அது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று.

அந்தப் பத்துச் சொல்லைத் தொட ஆசிரியர் வேண்டும் என்பதுகூட இல்லை. ஓர் இதழ் ‘அரசுப் பள்ளி’ என்று எழுதும், இன்னொன்று ‘அரசு பள்ளி’ என்று ஒற்றை விட்டுவிடும். ஒரு பத்தியில் இப்படி எத்தனை வரும் என்று நமக்கே தெரியும். அதனால் சொல் ஷிங்கிளை விட்டு எழுத்து ஷிங்கிளுக்கு மாறினேன். ஒற்று போனால் அதைச் சுற்றியுள்ள சில துண்டுகள் மட்டும் போகும், ஐந்து சொல் நீளத்துக்குச் சேதம் பரவாது. இதற்கும் ஒரு முன்வேலை உண்டு. ‘கொ’ என்பதை யூனிகோடில் ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, ஹாஷுக்கு இரண்டும் வேறு. வெட்டும் முன் `unicodedata.normalize("NFC", text)` ஓட்டினால் இது தீரும். ஸ்ரீ மட்டும் தீராது. அதை ஸகரத்தில் தொடங்கி எழுதுவோரும் உண்டு, ஶகரத்தில் தொடங்கி எழுதுவோரும் உண்டு. இரண்டையும் NFC ஒன்றாக்காது, நாமே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் எல்.எஸ்.எச்சின் குற்றமா? இல்லைதான். ஆனால் இதில் எது தவறினாலும் அது ஒரு பிழைச்செய்தியும் தராது, நகல் குறைவாக இருக்கிறது என்று அழகாக ஓர் எண்ணைக் காட்டிவிட்டுப் போய்விடும். அதனால்தான் கோபம். நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஓராயிரம் கட்டுரைகளை எடுத்து, முழு ஒப்பீடு செய்து, உண்மையான ஜோடிகளைக் குறித்துக்கொள்வேன். ஆயிரத்துக்கு ஐந்து லட்சம் ஜோடிதான், நொடிகளில் முடியும். அப்புறம் எல்.எஸ்.எச். அவற்றில் எத்தனையைப் பிடிக்கிறது என்று பார்ப்பேன். ஒரு நிபந்தனை: கட்டுரைகளைக் குருட்டாம்போக்கில் எடுக்கக் கூடாது, ஒரே நாளில் வெளியானவையாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதில் நகலே இருக்காது.

எதிர்ப்பக்கத் தொல்லை தங்கத்தின் விலை. ‘ஆபரணத் தங்கத்தின் விலை சவரனுக்கு’ என்று தினமும் வரும் செய்தியில் எண்களைத் தவிர எதுவும் மாறாது. வருடக்கணக்கான அந்தச் செய்திகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஒரே பக்கெட்டில் உட்காரும். ஒரு பக்கெட்டில் 5,000 இருந்தால் 1.25 கோடி ஜோடி. அத்தனையையும் சரிபார்க்கப் போனால் சேமித்த நேரமெல்லாம் அங்கேயே கரையும், கடைசியில் ‘ஆமாம், ஒரே மாதிரிதான்’ என்ற பதில்தான் வரும். எழுத்தளவில் அந்தப் பதில் சரி. கட்டுரையின் அடியில் தளங்கள் ஒட்டும் ‘வாட்ஸ்அப்பில் செய்திகளைப் பெற’ வகை வால்களும் இதே வேலையைச் செய்யும், சிறு செய்திகளில் உடம்பைவிட வால்தான் பெரிது. இதையாவது முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். `lsh.get_counts()` கொடுக்கும் எண்ணிக்கையில் மிகப் பெரிய பக்கெட்டுகளைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் உள்ளே வாலோ தங்கமோதான்.

சென்ற வாரம் ஒரு நண்பர் தன்னிடம் 18 ஆயிரம் சமையல் குறிப்புகள் இருப்பதாகவும், நகல்களைக் களைய எல்.எஸ்.எச். போடலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். 18 ஆயிரத்துக்கு 16.2 கோடி ஜோடி. மின்ஹாஷ் கையொப்பம் மட்டும் போட்டுக்கொண்டு, `numpy`இல் வரிசைக்கு வரிசை ஒப்பிட்டால், விநாடிக்குப் பத்து லட்சம் என்ற அதே கணக்கில் மூன்று நிமிடம் போதும். பேண்டு இல்லை, பக்கெட் இல்லை, தவறியது எது என்ற கவலையும் இல்லை. பத்து லட்சம் ஆனதும் வாருங்கள் என்றேன். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் தடுக்கிறாய் என்று கேட்டார். அவருக்காக என் 16க்கு 8 பிரிவினையை ஒருமுறை ஓட்டிக் காட்டினேன். சோதனைக்கு வைத்திருந்த ஜோடிகளில் இரண்டைக் கோட்டைவிட்டது. இரண்டும் ஒற்றுப் பிழைதான்.