ஒரு கனவா, ஏழு வாரக் கனவுகளா?

அம்மா இறந்த பிறகு என் அக்கா ஏழு வாரம் கனவுகளைக் கொப்பியில் எழுதி வைத்தாள். மொத்தம் பதினேழு கனவுகள். நான்காம் வாரத்தில் வந்தது அவளை மிகவும் உலுக்கியது: திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் வற்றிக் கிடக்கின்றன. அம்மாவின் அந்தியேட்டிச் சடங்கை நாங்கள் அங்கேதான் செய்திருந்தோம்.

அதைத் தனிக் கனவாக எடுத்துப் பொருள் தேடினால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பஞ்சாங்கத்துப் பலன். வற்றிய கிணறு கெடுதல் என்று சொன்னார் பக்கத்து வீட்டு மாமி. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மற்றது உளவியலாளர் பிராய்டின் வழி. கிணறு, வெந்நீர், ஈரச்சேலை என்று கனவின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் மனம் ஓடும் இடத்துக்கெல்லாம் பின்தொடர்ந்து போவது. இது ஆழமானதுதான். ஆனால் எந்தத் துண்டிலிருந்து தொடங்கினாலும் அக்கா அம்மாவிடமே வந்து சேர்ந்தாள். அது முன்பே தெரிந்த செய்தி.

இன்னொரு உளவியலாளரான யுங் வேறு விதமாகச் செய்தார். இயற்பியலாளர் பவுலியின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கனவுகளிலிருந்து ஏறக்குறைய 400ஐ எடுத்து, வரிசையாக ஆராய்ந்தார். ஒரு கனவின் பொருளை மற்றக் கனவுகளே திருத்தும் என்பது அவர் கருத்து.

அக்காவின் கொப்பியை அப்படிப் படித்தபோது கிணறு பின்னுக்குப் போய், ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவையான கிண்ணியாப் பாதை முன்னுக்கு வந்தது. 2009இல் பாலம் திறக்கும்வரை நாங்கள் ஏறிக் கடந்த அதே பாதை. முதல் வாரத்தில் அது போய்விட்டது, அவள் துறையில் தனியாக நிற்கிறாள். மூன்றாம் வாரத்தில் வருகிறது, ஏற இடமில்லை. ஐந்தாம் வாரத்தில் ஏறியும் பயந்து இறங்கிவிடுகிறாள். ஏழாம் வாரத்தில் அம்மாவின் பையைப் பாதைக்காரரிடம் கொடுத்துவிட்டு, கரையிலேயே நின்று பார்க்கிறாள். நான் கவனித்தது இடத்தையோ பொருளையோ அல்ல, ஒவ்வொரு முறையும் அக்கா என்ன செய்கிறாள் என்பதை. அதில்தான் நகர்வு இருந்தது. மூன்றாம் வாரத்துக்கும் ஐந்தாம் வாரத்துக்கும் இடையில் வைத்துப் பார்க்கும்போது, வற்றிய கிணறு வரப்போகும் கெடுதலாகத் தெரியவில்லை. சடங்கு முடிந்தும் தீராத துக்கமாகத் தெரிந்தது.

வரிசைப் படிப்பின் பெரிய ஆபத்து, கதையை நாமே கட்டிவிடுவது. காலையில் நினைவில் தங்கியவை மட்டுமே கொப்பிக்கு வருகின்றன. அவற்றிலும் பிடித்ததையே மனம் பொறுக்கும். அதனால் ஒரு சோதனை செய்தோம். கனவுகளைத் தேதியில்லாமல் துண்டுக் காகிதங்களில் எழுதிக் கலைத்து, அவற்றைப் பார்த்தேயிராத தங்கையிடம் வரிசைப்படுத்தக் கொடுத்தோம். பாதைக் கனவுகள் நான்கையும் அவள் சரியான வரிசையில் வைத்தாள். பரீட்சைக் கனவும் மீன்சந்தைக் கனவும் எங்கு வைத்தாலும் பொருந்தின. ஆக, பதினேழில் கதையாக நின்றவை நான்குதான். கிணற்றையும் அவள் வேறு இடத்தில் வைத்தாள். அதைப் பற்றி நான் சொன்னது என் ஊகமே.

பரீட்சைக் கனவுக்கு முதல் நாள் அக்காவின் மகன் வினாத்தாளோடு அழுதிருக்கிறான். அத்தகையதைத் தனியாகப் படித்தாலே போதும். துக்கம்போல மெல்ல மாறுவதைப் பார்க்கத்தான் வாரங்கள் வேண்டும். கொப்பியின் இடப்பக்கத்தில் கனவு, வலப்பக்கத்தில் முதல் நாள் நடந்தது. பொருள் எதையும் எழுதாமல், ஆறு வாரமாவது திருப்பிப் படிக்காமல் விட வேண்டும். இடையிடையே படித்தால் அடுத்த கனவை நினைவுகூரும்போதே முந்தைய கதை அதைத் தன் பக்கம் வளைத்துவிடும்.