ஹெட்கவுன்ட்டா, ஓப்பன் ரோலா: ஆளெடுப்பு வேகத்தை எது சரியாகச் சொல்கிறது?

ஒரு நிறுவனம் ஆளெடுப்பதில் வேகம் பிடிக்கிறதா, தளர்கிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு எண்கள்தான் கைக்கு எட்டும். ஒன்று ஹெட்கவுன்ட், அதாவது மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது. இன்னொன்று ஓப்பன் ரோல், அதாவது நிறுவன இணையதளத்தின் கேரியர் பக்கத்தில் திறந்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கை. இரண்டும் ஒரே திசையில் போனால் சிக்கலே இல்லை. எதிரெதிராகப் போகும்போது எதை நம்புவது?

400 பேர் கொண்ட ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் அதன் ஓப்பன் ரோல்கள் 30-லிருந்து 60 ஆகின்றன. ஹெட்கவுன்ட் 406-ஐத்தான் தொடுகிறது. ஓப்பன் ரோல்களை மட்டும் பார்த்தவர் ஆளெடுப்பு இரட்டிப்பாகிவிட்டது என்பார். ஹெட்கவுன்ட்டைப் பார்த்தவர் நிறுவனம் தேங்கி நிற்கிறது என்பார்.

உண்மை தெரிய வேண்டுமானால் ஓப்பன் ரோல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திறந்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கை தொட்டியில் நிற்கும் தண்ணீர் மாதிரி. குழாயைக் கூடுதலாகத் திறந்தாலும் மட்டம் ஏறும், வெளியேறும் வழி அடைத்துக்கொண்டாலும் ஏறும். நம் நிறுவனம் மாதம் 10 என்ற கணக்கில் ஆறு மாதமும் ஒரே சீராகத்தான் புது வேலைகளை அறிவித்தது, மொத்தம் 60. மூடப்பட்டவையோ மாதவாரியாக 8, 7, 5, 4, 3, 3. கூட்டினால் 30. ஆக, கூடுதலாக நிற்கும் 30 வேலைகளும் நிரப்ப முடியாமல் தேங்கியவை. ஆள் கிடைக்கவில்லையா, பட்ஜெட் ஒப்புதல் இழுத்தடிக்கிறதா, இன்டர்வியூ நடத்த ஆளில்லையா என்பது வெளியிலிருந்து தெரியாது. ஆனால் வேகம் குறைந்துவிட்டது என்பது மட்டும் நிச்சயம்.

ஹெட்கவுன்ட்டும் இதையேதான் சொல்கிறது, கொஞ்சம் தாமதமாக. மூடிய 30 வேலைகளிலும் ஆள் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12 சதவீத அட்ரிஷன் என்றால் ஆறு மாதத்தில் சுமார் 24 பேர் விலகியிருப்பார்கள். மிச்சம் 6. முப்பது பேரை எடுத்த உழைப்பு வெளியே ஆறாகத்தான் தெரிகிறது. ஹெட்கவுன்ட்டின் பெரிய குறை இதுதான்: வந்தவரிலிருந்து போனவரைக் கழித்து மீதியை மட்டும் காட்டும். அமெரிக்க அரசின் ஜோல்ட்ஸ் மாதாந்தரக் கணக்கெடுப்பு காலியிடம், சேர்ந்தவர்கள், விலகியவர்கள் என மூன்றையும் தனித்தனியாகத் தருகிறது. ஒரு நிறுவனத்துக்கு நாமே அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

செய்வது கடினமில்லை. வாரம் ஒருமுறை கேரியர் பக்கத்திலுள்ள ஒவ்வொரு வேலையின் ஐடியையும் குறித்து வையுங்கள். முதன்முதலில் தென்பட்ட தேதி, காணாமல் போன தேதி, இந்த இரண்டு போதும். புதிதாக வந்தவை எத்தனை, மூடப்பட்டவை எத்தனை, நிற்பவற்றின் வயது என்ன என்பதெல்லாம் தானாக வந்துவிடும். ஒரு கவனம் தேவை. அதே தலைப்பு, அதே விவரத்தோடு ஒரு வேலை இந்த வாரம் மறைந்து அடுத்த வாரம் புது ஐடியுடன் வந்தால், அது மறுபதிவு. ஒரே வேலையை ஐந்து ஊர்களுக்குத் தனித்தனியாகப் போடுவதும் உண்டு. இவற்றை ஒன்றாக்காமல் எண்ணினால் கணக்கு ஊதிவிடும். வருடம் முழுக்க மூடாமலே கிடக்கும் அறிவிப்புகளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்; அவை பயோடேட்டா சேகரிக்க வைத்திருப்பவையாக இருக்கலாம்.

அப்படியானால் ஓப்பன் ரோல்தான் சிறந்ததா? திருப்பத்தைப் பிடிக்க, ஆமாம். ஆளெடுப்பை நிறுத்தச் சொன்னதும் புது அறிவிப்புகள் ஓரிரு வாரத்தில் வற்றிவிடும். ஹெட்கவுன்ட்டோ அதற்கப்புறமும் ஏறிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஆஃபர் லெட்டர் வாங்கியவர்கள் நோட்டீஸ் பீரியட் முடித்துச் சேர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். லிங்க்ட்இன் ப்ரொஃபைல்களை எண்ணுபவருக்குத் தாமதம் இன்னும் கூடும். புது வேலையில் சேர்ந்தவர் ஆவலோடு மாற்றிவிடுவார். வேலை போனவர் பழைய நிறுவனத்தின் பெயரை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பார். அதனால் ஆட்குறைப்பு நடந்த நிறுவனம் இருப்பதைவிடப் பெரிதாகவே தெரியும்.

அளவு தெரிய வேண்டுமென்றால் நான் ஹெட்கவுன்ட்டைத்தான் எடுப்பேன். ஒரே அறிவிப்பில் ஒருவரையும் எடுக்கலாம், இருபது பேரையும் எடுக்கலாம். மூடப்பட்ட வேலை ரத்தானதாகக்கூட இருக்கலாம். மூடிய கணக்கு ஏறிய இரண்டு மூன்று மாதத்தில் ஹெட்கவுன்ட்டும் ஏறினால் ஆள் சேர்ந்திருக்கிறார்கள். ஏறாவிட்டால் வேலையை ரத்து செய்திருக்கலாம், அல்லது விலகல் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கலாம். ஹெட்கவுன்ட் ஒரே மாதத்தில் திடீரென்று தாவினால், வேறொரு நிறுவனத்தை வாங்கினார்களா என்று முதலில் பாருங்கள். ஐம்பது பேருக்கும் குறைந்த நிறுவனத்தில் இந்த மாதவாரிக் கணக்கு உதவாது. அங்கே இரண்டு அறிவிப்பு கூடினாலே பாய்ச்சலாகத் தெரியும் என்பதால் காலாண்டுக்கு ஒருமுறை ஹெட்கவுன்ட்டை மட்டும் பார்த்தால் போதும்.